ஒரே ஹேர்கட், ரெண்டு விலை: எங்க சலூன் கணக்கு

"அதே நாற்காலி, அதே கத்தரி, அதே ஷாம்பு. அப்புறம் எதுக்குக்கா ரெண்டு விலை?" எங்க பைபாஸ் ரோட்டு சலூன்ல சீனியர் வெட்டினா 500, ஜூனியர் வெட்டினா 350னு போர்டு மாட்டினதுல இருந்து இதைக் கேட்காதவங்க குறைவு. நியாயமான கேள்விதான். ஆனா இதைத் தள்ளுபடின்னு நினைச்சு விலை வைக்கிற சலூன்காரங்கதான் கையைச் சுட்டுக்குறாங்க.

ஒரே விலைன்னா என்ன நடக்கும்? எல்லாரும் சீனியரைத்தான் கேட்பாங்க, கேட்காம இருக்க அவங்களுக்குக் காரணமே இல்லையே! ஞாயித்துக்கிழமை சோபா நிறைய ஆள் காத்திருக்க, ஜூனியர் பொண்ணுங்க ரெண்டு பேரும் டவல் மடிச்சுக்கிட்டு நிப்பாங்க. அரை மணி நேரம் பார்த்துட்டுப் பாதிப் பேர் எந்திரிச்சுப் போயிடுவாங்க.

கணக்கைப் போடுவோம். சுலபமா இருக்கட்டும்னு முழு எண்ணாவே சொல்றேன். வாடகை, கரண்ட், ரிசப்ஷன் எல்லாம் சேர்த்து ஒரு நாற்காலிக்கு மணிக்கு 100 ரூபாய். சீனியர் சம்பளம் 26,000. மாசம் 26 நாள், நாளைக்கு 10 மணி நேரம்னா மணிக்கு 100. ஜூனியருக்கு 13,000, அதாவது மணிக்கு 50. ரெண்டு பேருக்கும் பில்லுல பத்து சதவீதம் இன்சென்டிவ். ஷாம்பு, டவல் துவைக்கிற செலவு தலைக்கு 30.

சீனியர் அரை மணி நேரத்துல வெட்டி முடிச்சிடுவாங்க. 500ல செலவு 180 போக 320 நிக்கும். அதே வெட்டுக்கு ஜூனியருக்கு ஒரு மணி நேரம் ஆகும். 350ல செலவு 215 போக மிச்சம் 135. மணிக்கணக்குல பார்த்தா சீனியர் 640, ஜூனியர் 135.

இதைப் பார்த்துட்டு "ஜூனியர் வேஸ்ட்டு"ன்னு சொன்னா தப்பு. அந்தப் பொண்ணு சும்மா நின்னாலும் சம்பளமும் வாடகையும் போய்க்கிட்டுத்தான் இருக்கு. அவ ஒரு தலையைத் தொட்டா ஷாம்பு, இன்சென்டிவ் போக 285 ரூபாய் கல்லாவுக்குப் புதுசா வருது. சீனியருக்குக் காத்திருந்த ஒரு ஆள் அங்க நகர்ந்தா, சீனியர் கை ஸ்ட்ரெய்ட்டனிங் மாதிரிப் பெரிய வேலைக்கு மிச்சமாகுது. ரெண்டு விலை வைக்கிறது இந்தக் கூட்டத்தைப் பிரிச்சுவிடத்தான்.

விலை வித்தியாசம் சரியா இருக்கான்னு அப்பாயின்ட்மென்ட் நோட்டே சொல்லிடும். சீனியர் பக்கம் நிறைஞ்சு ஜூனியர் பக்கம் வெள்ளையா இருந்தா வித்தியாசம் பத்தலை. சீனியர் விலையை ஏத்துங்க. எல்லாரும் ஜூனியர்கிட்டயே போய் சீனியர் ஃபோன் பார்த்துக்கிட்டு இருந்தா ரொம்ப அகலமா வச்சுட்டீங்க. ஆடி மாசத்தை வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க. முகூர்த்தம் இல்லாத மாசம், அப்ப யார் நோட்டும் வெள்ளைதான்.

கலரிங்லதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. குளோபல் கலர் சீனியர்கிட்ட 3,000. அதுல கலர் டியூப், டெவலப்பர் எல்லாம் 1,000னு வைங்க. ஜூனியருக்கு 30 சதவீதம் குறைக்கிறேன்னு மொத்தத்துல குறைச்சா 2,100. ஆனா டியூப் கம்பெனி ஜூனியர் கைக்குன்னு விலை குறைச்சுத் தரப்போறதில்லையே. கைவேலை 2,000ல மட்டும் குறைச்சா 1,400, டியூப்போட 2,400. ஒரே தலையில 300 ரூபாய் வித்தியாசம்.

த்ரெடிங்குக்கு எங்ககிட்ட ஒரே விலைதான். ஸ்ட்ரெய்ட்டனிங், ஸ்மூத்தனிங் ரெண்டையும் ஜூனியர் விலைப் பட்டியல்லயே போடலை. கிரீம் நேரம் கூடினாலோ அயர்ன் சூடு கூடினாலோ முடி கருகி உடையும். அதுக்கு மலிவு விலைன்னு ஒண்ணு இருக்கவே கூடாது.

ஜூனியர் வெட்டு பிடிக்கலைன்னா ஒரு வாரத்துக்குள்ள சீனியர் இலவசமா சரி பண்ணித் தருவாங்க. ஆனா அந்த வேலைக்கு சீனியருக்கு நான் 50 ரூபாய் தர்றேன். முழு வெட்டுக்கு அவங்களுக்குக் கிடைக்கிற இன்சென்டிவ் அதே 50தான். அது இல்லாட்டி எந்த சீனியரும் "இது இப்படித்தான்க்கா இருக்கும், ரெண்டு நாள்ல செட் ஆயிடும்"னு சொல்லி அனுப்பிடுவாங்க. யாருக்கு எத்தனை தலை திரும்பச் சரி பண்ண வந்ததுன்னு எழுதி வைக்கிறதுல இன்னொரு லாபமும் இருக்கு. எந்த ஜூனியரை எப்ப சீனியர் ஆக்கலாம்னு அந்த நோட்டும், பேர் சொல்லித் தேடி வர்றவங்க எண்ணிக்கையும் காட்டிடும். எத்தனை வருஷம் ஆச்சுங்கிறதை நான் பார்க்கிறதில்லை.

ரிசப்ஷன் பிள்ளைக்கு நான் சொல்லி வச்சிருக்கிறது இதுதான்: தலையில தண்ணி படுறதுக்கு முன்னாடியே ரெண்டு விலையையும் சொல்லிடணும். பில்லுல முதல் தடவையா 500ஐப் பார்க்கிற ஆள் மறுபடி வரமாட்டாங்க.

ஒரு பொண்ணை சீனியர் ஆக்கினா அவகிட்ட 350க்கு வந்துக்கிட்டிருந்தவங்க முகம் சுளிக்கத்தான் செய்வாங்க. அவங்களுக்கு மட்டும் மூணு மாசம் பழைய விலையே. அதுக்கப்புறம் 500க்கு அவகிட்டயே இருக்கிறதும், அடுத்த ஜூனியர்கிட்ட மாறுறதும் அவங்க விருப்பம்.