தோசைத்திருப்பிக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

(செங்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடை. கல்லாவில் சுடலைமுத்து அண்ணாச்சி. எதிரே கோமதி அக்கா.)

கோமதி: அண்ணாச்சி, எனக்குப் பாத்திரம் எதுவும் வேண்டாம். இங்கிலாந்தில் இருக்கும் மகனுக்குச் சொல்ல, தோசைத்திருப்பிக்கு ஓர் ஆங்கிலப் பெயர் வேண்டும்.

சுடலைமுத்து: பெயர் மட்டும் வாங்க வந்த முதல் ஆள் நீங்கள்தான் அக்கா. அங்கே என்ன சொல்லிக் கேட்டார்களாம்?

கோமதி: புனலூர்க்காரியான என் மருமகள் அதைச் சட்டுகம் என்பாள், என் மகன் ‘அது’ என்பான். கடைசியில் இருவரும் சேர்ந்து ‘ஸ்பேட்டுலா’ என்று தேடி வரவழைத்தார்கள். தோசைக்கு அடியில் நுழைத்தால், வந்த சாமான் தலைகுனிந்து வணக்கம் சொல்கிறதாம்!

சுடலைமுத்து: அது கேக் மாவை வழிக்கிற ரப்பர் கரண்டி அக்கா. வழிப்பதற்கும் திருப்புவதற்கும் ஸ்பேட்டுலா என்ற ஒரே பெயர்தான் வழங்குகிறது. தட்டையான தகடு வேண்டுமானால் அமெரிக்காவில் ‘டர்னர்’ என்றும், இங்கிலாந்தில் ‘ஃபிஷ் ஸ்லைஸ்’ என்றும் கேட்க வேண்டும்.

கோமதி: மீனா? முட்டை பொரித்த வாசனை வந்தாலே நாங்கள் சன்னலைத் திறப்பவர்கள் அண்ணாச்சி!

சுடலைமுத்து: மீன் பெயரோடு சரி. ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று முன்னால் சேர்த்துத் தேடி, படத்தில் விளிம்பு மெல்லியதாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் வடிவதற்காகத் தகட்டில் நீளத் துளைகள் இருக்கும். துளையில்லாதது கிடைத்தால் மேல். ஆனால் அவர்களுடைய தோசைக்கல் இரும்பா, நான்ஸ்டிக்கா?

கோமதி: நான்ஸ்டிக்.

சுடலைமுத்து: அப்படியானால் ஸ்டீல் ஆகாது, பூச்சைக் கீறிவிடும். ஃபிஷ் ஸ்லைஸிலேயே நைலான் தகடு உண்டு, அதை வாங்கட்டும். சூடான கல்லில் அதைச் சும்மா வைத்துவிட்டுப் போனால் மட்டும் விளிம்பு உருகும்.

கோமதி: இடுக்கியும் இல்லையாம். ‘டாங்ஸ்’ என்று கேட்டதற்கு, காய்கறிக் கலவையை எடுத்துப் பரிமாறுகிற நீளக் கவ்வியைக் கொடுத்தார்களாம்.

சுடலைமுத்து: அங்கே பாத்திரத்துக்குப் பெரும்பாலும் கைப்பிடி இருப்பதால், அடுக்களையில் இடுக்கிக்கு வேலை குறைவு. மலையேறுகிறவர்கள் கொண்டுபோகும் சின்னப் பாத்திரங்கள் சிலவற்றுக்குத்தான் கைப்பிடி கிடையாது. ஆகவே கூடாரமும் முதுகுப்பையும் விற்கிற கடையில் ‘பாட் கிரிப்பர்’ என்று கேட்டால், நம் இடுக்கியின் தம்பி மாதிரி ஒன்று கிடைக்கும். பால் காய்ச்சும் சின்னக் கிண்ணத்துக்கு அது போதும்; சாம்பார் நிறைந்த குண்டானைத் தூக்கினால் வழுக்கிவிடும்.

கோமதி: மலையேறுகிறவர்கள் கடைக்கா? என் மகன் மாடிப்படி ஏறுவதற்கே மூச்சு வாங்குவான் அண்ணாச்சி. மருமகளையே அனுப்பச் சொல்கிறேன்.