"எழுத்துப் பிழை மட்டும் பார்த்தால் போதும்"

"கேள்விகளைக் குழு முடிவு செய்துவிட்டது, எழுத்துப் பிழை மட்டும் பார்த்தால் போதும், மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும்." இந்த வாக்கியத்தைப் படித்தாலே, மெய்ப்புப் பார்க்கும் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. கணக்கெடுப்புக் கேள்வித்தாளில் "எழுத்துப் பிழை மட்டும்" என்று எதைச் சொல்கிறீர்கள்? ஓர் எண் தப்பினாலே ஊர் முழுக்கத் தப்பான பதிலை வாங்கிக்கொண்டு வருவீர்களே!

இன்று வந்தது சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் பற்றிய வீட்டுக் கணக்கெடுப்பு. 11ஆம் கேள்விக்கு அடுத்து 13 நிற்கிறது. 12ஐ யாரோ நீக்கியிருக்கிறார்கள். சுட்டிக்காட்டினேன். உடனே "சரிசெய்துவிட்டோம்" என்று புதிய படி வந்தது. என்ன செய்திருக்கிறார்கள்? 13ஐ 12 ஆக்கி, 14ஐ 13 ஆக்கிக் கடைசிவரை எண்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். ஆனால் 9ஆம் கேள்விக்குக் கீழே, கையால் தட்டச்சு செய்த அந்த ஒரு வரி மட்டும் அசையவில்லை: "இல்லை எனில் கேள்வி 14க்குச் செல்லவும்."

இதன் விளைவைப் பாருங்கள். 9ஆம் கேள்வி, சர்க்கரை நோய் இருப்பதாக மருத்துவர் சொன்னாரா என்பது. "இல்லை" என்பவர், சர்க்கரை பற்றிய மற்றக் கேள்விகளைத் தாண்டி, இரத்த அழுத்தம் இருப்பதாக மருத்துவர் சொன்னாரா என்ற கேள்விக்குப் போக வேண்டும். அதுதான் பழைய 14. இப்போது அது 13 ஆகிவிட்டது. புதிய 14 என்ன தெரியுமா? "இரத்த அழுத்தத்திற்குத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" களப்பணியாளர் தாளில் உள்ளபடிதான் கேட்பார், அப்படித்தான் அவருக்குப் பயிற்சி. சர்க்கரை இல்லாத ஒருவரிடமும் இரத்த அழுத்தம் உண்டா என்றே கேட்காமல் நேராக மாத்திரைக்குத் தாவுவார். இரத்த அழுத்தம் இல்லாதவர் "இல்லை" என்பார். நோயே இல்லாதவரும், நோய் இருந்தும் மாத்திரையை நிறுத்திவிட்டவரும் ஒரே "இல்லை"யில் போய் விழுவார்கள். பிறகு எந்தப் புள்ளியியல் வல்லுநர் வந்தாலும் அவர்களைப் பிரித்தெடுக்க முடியாது. 12 இல்லாமலே அச்சடித்திருந்தால்கூட இந்தக் கேடு வந்திருக்காது. எண்ணில் ஓட்டை இருந்தாலும் தாவல் சரியான இடத்தில் போய் நின்றிருக்கும்!

முன்னோட்டமாகப் பத்துப் பதினைந்து வீடுகளில் கேட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். 9இல் "இல்லை" என்ற தாள்களில் எல்லாம் 13 காலியாக இருக்கும். களப்பணியாளரின் கவனக்குறைவு என்றால் காலி இடங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கும், இப்படி வரிசை கட்டி நிற்காது. அதற்கெல்லாம் நேரமில்லையாம்.

அடுத்து 11. சர்க்கரை மாத்திரை பற்றியது. "கடந்த 7 நாட்களில் மாத்திரை தவறாத நாட்கள் எத்தனை?" வேண்டியது "தவறிய". இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள், கணினி சிவப்புக் கோடு போடாது. ஒரு நாளும் விடாமல் சாப்பிடும் பெரியவர் 7 என்பார். தரவுப் பதிவில் அந்தக் கட்டத்தின் தலைப்போ "தவறிய நாட்கள்". ஒழுங்கான நோயாளி ஒரு வாரம் முழுக்க மருந்தைத் தொடாதவராகிவிடுவார். இது எழுத்துப் பிழையா, அவர்மேல் சுமத்தும் பொய்யா?

கடைசிப் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றிய கேள்விகள். முதல் நான்கிலும் 1 என்றால் "மிகவும் திருப்தி", 5 என்றால் "சற்றும் திருப்தியில்லை". ஐந்தாவதில் வரிசை தலைகீழ். ஆறாவதில் நான்கே விடைகள், நடுவில் இருந்த "இரண்டும் இல்லை" காணாமல் போயிருக்கிறது. பதில் சொல்பவர் கையில் இருக்கும் அட்டையிலோ ஐந்து முகங்கள்! நான்கு கேள்விகளுக்கு ஒரே ஓரத்தைத் தொட்டுக் காட்டிய பாட்டி, ஐந்தாவதற்கும் பழக்கத்தில் அதே ஓரத்தைத்தான் தொடுவார். "பகுப்பாய்வில் எண்களைத் திருப்பிக்கொள்ளலாம்" என்கிறார்கள். யாருடையதைத் திருப்புவீர்கள்? மாற்றத்தைக் கவனித்துப் பதில் சொன்னவர் யார், கவனிக்காமல் சொன்னவர் யார் என்று தாளிலா எழுதியிருக்கும்?

இதற்காகத்தான் நான் விடைக் கட்டங்களை மட்டும் தனியாக ஒருமுறை படிக்கிறேன். தாவல் வரிகளை மட்டும் விரல் வைத்து, போய்ச் சேரும் கேள்விவரை தொடர்ந்து பார்க்கிறேன். பிறகு ஒருவரை எதிரில் உட்கார வைத்து, வாய்விட்டுக் கேட்டுப் பதில் வாங்குகிறேன். "தவறாத" பிடிபட்டதே அப்படித்தான்.

கூலி மட்டும் சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். 1 முதல் 5 வரையுள்ள எண்கள் சொற்கள் இல்லையாம், கேள்வி எண்களும் இல்லையாம். "கேள்வி 14க்குச் செல்லவும்" என்பதற்கு இரண்டு சொற்களின் காசு. அதையும் மூன்று மாதமாகத் தரவில்லை!