கேப்டன் சொன்ன "ஆமா"

போன வாரம் அலுவலகத்தில் ஒரு தலைமைப் பயிற்சி வகுப்பு. ஒரு தலைவனுக்கு அதிகாரம் ஐந்து வழிகளில் வருகிறது என்று ஸ்லைடு போட்டார்கள். பதவியால் வருவது, வெகுமதி கொடுக்க முடிவதால் வருவது, தண்டிக்க முடிவதால் வருவது, விஷயம் தெரிந்திருப்பதால் வருவது, மற்றவர்கள் "இவரைப் போல் இருக்கணும்" என்று நினைப்பதால் வருவது. 1959-இல் பிரெஞ்ச், ரேவன் என்ற இரண்டு சமூக உளவியலாளர்கள் பிரித்த பிரிவு இது. வகுப்பு எடுத்தவர் முதல் மூன்றும் பழைய முதலாளித்தனம், கடைசி இரண்டும்தான் நல்ல தலைமை என்கிற மாதிரி முடித்துவிட்டார். எனக்கு அங்கேதான் உறுத்தியது. நான் பார்த்த வரையில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி இரண்டுதான்.

ஐந்தும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்த ஒரு சம்பவம் உண்டு. விமானத் துறையில் இருப்பவர்களுக்குப் பழைய கதை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

1977 மார்ச் 27. கேனரி தீவுகளில் கிரான் கனாரியா விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய விமானங்களைப் பக்கத்துத் தீவான டெனெரிஃபுக்குத் திருப்பிவிட்டார்கள். லாஸ் ரோடியோஸ் என்ற அந்தச் சின்ன விமான நிலையத்தில் ஒரே ஓடுபாதை. வந்து நின்ற விமானங்கள் பக்கவாட்டுப் பாதையை அடைத்துக்கொண்டதால், கிளம்புகிறவர்கள் ஓடுபாதையிலேயே எதிர்முனை வரை ஊர்ந்து போய்த் திரும்பி நிற்க வேண்டியிருந்தது. மேலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. டச்சு நிறுவனமான கேஎல்எம்மின் போயிங் 747 விமானம் முன்னால் போய்த் திரும்பி நின்றது. அதன் பின்னாலேயே, நடுவில் ஒரு வழியாக வெளியேறுவதற்காக, அதே ஓடுபாதையில் பான் ஆம் நிறுவனத்தின் 747 ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஒன்றையொன்று பார்க்க முடியவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்தும் இரண்டையும் பார்க்க முடியவில்லை. தரை ரேடாரும் அங்கே கிடையாது.

கேஎல்எம் விமானத்தின் கேப்டன் யாக்கோப் வான் சான்டன். அவர் சாதாரண கேப்டன் இல்லை, அந்த நிறுவனத்தின் 747 பயிற்சிப் பிரிவுக்கே தலைவர். நிறுவனத்தின் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்த முகமும் அவருடையதுதான். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு 9,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம் இருந்தாலும், 747-இல் 95 மணி நேரம்தான். "இவர் 747 ஓட்டலாம்" என்று சுமார் இரண்டு மாதங்களுக்கு முன் சோதித்துக் கையெழுத்துப் போட்டவரே இந்தக் கேப்டன்தான்.

இப்போது அந்த ஐந்தையும் இந்த விமானி அறையில் வைத்துப் பாருங்கள். கேப்டன் என்பது பதவி. தேர்ச்சிக் கையெழுத்து வெகுமதி. அதே கையெழுத்தைப் போடாமல் விடலாம் என்பது தண்டனை. 747 பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர் அந்த நிறுவனத்தில் அனேகமாக யாருமில்லை என்பது நிபுணத்துவம். விளம்பரத்தில் வந்த முகம் ஈர்ப்பு. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு அவர் இவற்றில் எதையும் வேண்டுமென்று பயன்படுத்தவில்லை. யாரையும் மிரட்டவில்லை, யாரிடமும் கத்தவில்லை.

ஓடுபாதை முனையில் திரும்பியதும் கேப்டன் என்ஜின் விசையைத் தள்ள ஆரம்பித்தார். துணை விமானி தடுத்தார்: கொஞ்சம் இருங்கள், இன்னும் அனுமதி வரவில்லை. கேப்டன், எனக்குத் தெரியும், நீ கேள் என்றார். துணை விமானி கேட்டார். வந்தது கிளம்பிய பிறகு எந்தப் பாதையில் போக வேண்டும் என்பதற்கான அனுமதி மட்டும். கிளம்புவதற்கான அனுமதி அது இல்லை. அதை அவர் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கும்போதே கேப்டன் "போகிறோம்" என்று சொல்லி விமானத்தை ஓட்டத் தொடங்கிவிட்டார். துணை விமானி இரண்டாவது தடவை தடுக்கவில்லை.

இந்த இடத்தில்தான் நான் எப்போதும் நின்றுவிடுவேன். ஒரு தடவை சொல்லியாயிற்று, தனக்கே தேர்ச்சி கொடுத்த ஆளைத் திருத்தியாயிற்று. ஒரு நிமிடத்துக்குள் இன்னொரு தடவையா? நம் ஊரில் எத்தனை பேர் சொல்லியிருப்போம்?

பனிக்குள் விமானம் வேகமெடுத்தது. ஓடுபாதையைவிட்டு வெளியேறியதும் சொல்லுங்கள் என்று கோபுரம் பான் ஆம் விமானத்திடம் கேட்பதும், வெளியேறியதும் சொல்கிறோம் என்று அவர்கள் பதில் சொல்வதும் கேஎல்எம் அறையிலும் கேட்டது. பின் இருக்கையில் இருந்த விமானப் பொறியாளர் மட்டும் அதைக் கவனித்தார். "அப்படியானால் அவன் இன்னும் வெளியேறவில்லையா, அந்த பான் ஆம்?" என்று கேட்டார். கேப்டன் அழுத்தமாக, "ஆமா, வெளியேறிட்டான்" என்றார். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. மோதலுக்கு இருபது நொடிகூட மிச்சமில்லை. 583 பேர் இறந்தார்கள். கேஎல்எம் விமானத்தில் இருந்த 248 பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை.

காரணம் இது ஒன்றுதான் என்று சொன்னால் அது பொய். பனி இருந்தது. பான் ஆம் விமானமும் கோபுரமும் ஒரே நேரத்தில் பேசியதால் ரேடியோவில் வெறும் கீச்சொலி கேட்டு, முக்கியமான ஒரு வாக்கியம் அமுங்கிப்போனது. "டேக் ஆஃப்" என்ற சொல்லை இஷ்டத்துக்குப் பயன்படுத்தினார்கள். ஆனால் அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் அறைக்குள்ளே நடந்தவை. அதற்குப் பனியைக் குறை சொல்ல முடியாது.

நிபுணத்துவத்துக்கு ஓர் எல்லை உண்டு என்று அந்த இரண்டு உளவியலாளர்களே எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு எதில் அறிவு இருக்கிறதோ அதில் மட்டும்தான் அந்த அதிகாரம் செல்லும். வான் சான்டனுக்கு 747 தெரியும். பனிக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்பது அவருக்கும் தெரியாது, பொறியாளருக்கும் தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் இருவரும் சமம், சொல்லப்போனால் ரேடியோவைக் கவனித்த பொறியாளருக்குத்தான் ஒரு படி அதிகம் தெரியும். ஆனாலும் விமானத்தைப் பற்றிய அறிவு, பனியைப் பற்றிய அறிவு மாதிரி நடித்துவிட்டது. நிபுணத்துவம் தவறாகப் பயன்படுவது பெரும்பாலும் இப்படித்தான். பொய் சொல்லி ஏமாற்றுவது அபூர்வம். தெரிந்த இடத்தின் மரியாதையைத் தெரியாத இடத்துக்குக் கொண்டுபோவதுதான் அதிகம்.

தண்டனை இன்னொரு பக்கத்திலிருந்தும் அந்த அறைக்குள் வந்திருந்தது. விமானிகளின் பணி நேரம் குறித்து நெதர்லாந்தில் விதிகளை இறுக்கியிருந்தார்கள். நேரம் தாண்டினால் கேப்டன்மீதே நடவடிக்கை பாயும். களைத்துப்போனவர்கள் பறக்கக் கூடாது என்பதற்காக வந்த விதி அது. அன்றைக்கு அதுவே "சீக்கிரம் கிளம்பு" என்று முதுகில் தள்ளிக்கொண்டிருந்தது. பயம் காட்டினால் ஆளுடைய கண் வேலையைவிட்டுத் தண்டனைமேல் போய்விடும். நல்ல நோக்கத்தோடு காட்டினாலும் அப்படித்தான்.

சரி, நம்ம ஊருக்கு வருகிறேன். நான் முதலில் வேலை பார்த்த ஐடி நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு லீட் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். வாடிக்கையாளர் ஒருவரின் பழைய பில்லிங் மென்பொருள் அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. டாக்குமெண்ட் கேட்டால், "நான் இருக்கேன்ல, எதுக்குடா?" என்பார். ராத்திரியில் தானாக ஓடும் ஜாப் இரண்டு மணிக்கு விழுந்தால் லுங்கியோடு வந்து எழுப்பிவிட்டுப் போவார். எங்களுக்கு அவர் ஹீரோ. எழுதிவைத்திருந்தால் அந்த இரண்டு மணி வேலை யாருக்குமே தேவைப்பட்டிருக்காது என்பது புரிய எனக்கு மூன்று வருடம் ஆனது.

ஒரு மாதக் கடைசியில் இன்வாய்ஸ் ஜாப் ஓடும்போது எண்ணிக்கை வழக்கத்தைப் போல் இரண்டு மடங்காக இருந்ததை நான் பார்த்தேன். "அண்ணா, இது இவ்ளோ வருமா?" என்று கேட்டேன். "வரும்டா, மாசக் கடைசில" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். காலையில் வாடிக்கையாளரின் வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் இரண்டிரண்டு பில். அந்த வருடம் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆன்சைட் பட்டியலில் என் பெயர் இருந்தது, பட்டியல் போடுவது அவர். அது அன்று ராத்திரி என் நினைவில் இருந்ததா என்று நேர்மையாகச் சொல்லத் தெரியவில்லை. வெகுமதி வேலை செய்யும் விதமே அதுதான். யாரும் "வாயை மூடினால் ஆன்சைட்" என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டியல் இன்னும் வெளிவரவில்லை என்பதே போதும்.

பதவியை வைத்துச் சொந்த வேலை வாங்குவது, அப்ரைசலைக் காட்டி மிரட்டுவது பற்றியெல்லாம் நான் எழுத வேண்டியதில்லை, ஆளுக்கு நாலு கதை இருக்கும். அவை கண்ணுக்குத் தெரியும், டீக்கடையில் திட்டித் தீர்க்கலாம். அண்ணனை யாரும் திட்டவில்லை. ரெட்டை பில் விவகாரத்தில் வாடிக்கையாளரிடம் எங்களுக்காகத் திட்டு வாங்கியவரும் அவர்தான். அதனால் நாங்கள் இன்னும் உருகிப்போனோம். தவறு எங்கே நடந்தது என்று கேட்பதே துரோகம் மாதிரி ஆகிவிட்டது. ஈர்ப்பு அதிகாரம் கெட்டுப்போகும் இடம் எனக்குத் தெரிந்து இதுதான்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், எனக்கு ஒரே ஓர் அடையாளம்தான் தெரியும். கீழே இருப்பவர்களின் வாக்கியங்கள் கேள்வியாக மாறும். அந்தப் பொறியாளர் "பான் ஆம் ஓடுபாதையில் இருக்கிறது, நிறுத்துங்கள்" என்று சொல்லவில்லை, கேட்டார். நான் "எண்ணிக்கை ரெட்டிப்பாக இருக்கிறது, ஜாபை நிறுத்துகிறேன்" என்று சொல்லவில்லை, கேட்டேன். கேள்விக்கு ஒரு "ஆமா" போதும், முடிந்துவிடும். டெனெரிஃபையும், அடுத்த வருடம் எரிபொருள் தீர்ந்து போர்ட்லாந்தில் விழுந்த யுனைடெட் விமானத்தையும் பார்த்த பிறகுதான், இளையவர்கள் கேள்வியாகக் கேட்காமல் நேராகச் சொல்ல வேண்டும், மூத்தவர்கள் அதைக் காதில் வாங்க வேண்டும் என்பதைத் தனிப் பயிற்சியாகவே வைத்தார்கள். 1981-இல் யுனைடெட் அதைத் தொடங்கியது. "டேக் ஆஃப்" என்ற சொல்லை, அந்த அனுமதியைக் கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோ தவிர வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது என்ற வழக்கமும் டெனெரிஃபுக்குப் பிறகு வந்ததுதான்.

இவ்வளவும் தெரிந்து வைத்திருக்கும் நான் இப்போது ஒரு லீட். அந்த வகுப்பு முடிந்த அன்று சாயங்காலமே, டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் நான் எழுதிய கோட் ஒன்றைப் பார்த்துவிட்டு, "இது இப்படித்தான் இருக்கணுமா அண்ணா?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலைத் திறந்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. போன் போட்டு, "நீ எதுக்கும்மா அதைக் கேட்ட?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அது தப்புன்னு தெரியும் அண்ணா. நீங்க எழுதினதாச்சேன்னு..." என்றாள்.