143 மெசேஜ், கடைசியில் ஒரு கும்பிடு

மன்னார்குடி பக்கம் குறுவைக்கு நாற்று விட்டிருக்கிற நேரத்தில் மோட்டார் மக்கர் செய்தால் எப்படி இருக்கும்? பச்சை பட்டனை அழுத்திப் பிடித்தால் ஓடுகிறது, விரலை எடுத்தால் நின்றுவிடுகிறது. எங்கள் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் தேடினேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒருவர் அச்சு அசலாக இதையே கேட்டிருந்தார். அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

143 மெசேஜ். "கன்டென்சர மாத்து", "காயில் போச்சு", "ரிலேய 8லேர்ந்து 10க்கு ஏத்து தம்பி". நடுவில் நாலு குட் மார்னிங். கடைசியில் கேட்டவரே வந்து, "சரியாயிடுச்சு, நன்றிண்ணே", ஒரு கும்பிடு. யோவ், எதனால் சரியாச்சு? அதைச் சொல்ல விரல் வரவில்லையா?

போன் போட்டேன். "மொதல்ல காயில் மாத்துனோம்ணே, கேக்கல. அப்புறம் எலக்ட்ரீஷியன் பக்கத்துல இருக்குற சின்ன கான்டாக்ட மாத்துனாரு, ஓடுது." இந்த ஒரு வரிக்குத்தான் 143 மெசேஜ்!

மோட்டாருக்குக் கரண்ட் விடும் கான்டாக்டரை இழுத்துப் பிடிப்பது காயில். பச்சை பட்டன் அந்தக் காயிலுக்குக் கரண்ட் கொடுப்பது அழுத்தும் வரைதான். கையை எடுத்த பிறகு அந்த வேலையை இந்தச் சின்ன கான்டாக்ட், அதாவது ஹோல்டிங் கான்டாக்ட் பார்க்கும். என் ஸ்டார்ட்டரில் மெயினை இறக்கிவிட்டு, கான்டாக்டரைக் கையால் உள்ளே அழுத்தி, அந்தச் சின்ன கான்டாக்டில் மல்டிமீட்டரை வைத்தேன். பீப் வரவில்லை. பிரித்தால் உள்ளே நசுங்கிய எறும்புகள், கரி. புதிதாக மாற்றினேன், ஓடுகிறது.

குழுவில் இப்படிச் சுருக்கிப் போட்டேன்: "அழுத்தும் வரை ஓடி, விட்டதும் நின்றால் ஹோல்டிங் கான்டாக்ட், அல்லது அதற்குப் போகும் வயர் லூஸ். மீட்டரில் பார்த்துவிட்டு மாற்றவும். அழுத்தியும் இழுக்கவில்லை என்றால் இது பொருந்தாது. சப்ளை, காயில், ரிலே, சிவப்பு பட்டனைப் பாருங்கள். கொஞ்ச நேரம் ஓடி நின்றாலும் இது இல்லை, ரிலே எதற்கு விழுகிறது என்று பார்க்கணும். கடகடவென்று அடித்தால் முதலில் வோல்டேஜ். பச்சை பட்டனே கான்டாக்டரை நேராக உள்ளே தள்ளும் பழைய ஸ்டார்ட்டரில் காயில் செத்திருந்தாலும் இதே அறிகுறிதான், அதில் காயிலையும் சோதிக்கவும்."

அந்த ரிலே யோசனை சொன்ன மகானுக்கு ஒன்று. மோட்டார் அதிக கரண்ட் இழுத்தால் நிறுத்துவதுதான் ரிலே, அது மோட்டார் தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியருக்குத்தான் இருக்கணும். இந்தக் கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஏற்றிவிட்டு ஒரு பேஸ் போனால் வைண்டிங் கருகும், ரீவைண்டிங் காசை நீங்களா தருவீர்கள்?

போட்டு ஐந்து நிமிடம் ஆகவில்லை. "அண்ணே, எனக்கு அழுத்துனாலும் ஓடல, இதேதானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவர்: "கன்டென்சர மாத்துங்க."