பெட்டியில் அவர் பெயர், பாக்கியில் என் பெயர்

4,36,000 ரூபாய் பழைய பாக்கி எங்கே என்று பனியன் கம்பெனி முதலாளி ஒருவரிடம் கேட்டவனுக்கு இன்று காலை போனில் வந்த பதில், கூப்பிய இரண்டு கைகள். அதன் பின்னாலேயே அவருடைய கிரகப்பிரவேச அழைப்பிதழ். மூன்று மாடி வீடு, லிஃப்ட் உண்டு. அந்த லிஃப்டின் ஒரு கதவாவது என் பணத்தில் வந்திருக்கும் என்பது என் கணிப்பு.

திருப்பூரில் அட்டைப்பெட்டி செய்து பனியன் கம்பெனிகளுக்குக் கொடுத்துப் பிழைப்பவன் நான். கடன் கொடுத்து வியாபாரம் செய்கிறவர்களுக்கு மேற்கொண்டு எதையும் விளக்க வேண்டியதில்லை. பணம் வரும், நாளை வரும், சனிக்கிழமை வரும், கையெழுத்துப் போடுகிறவர் மும்பையிலிருந்து வந்ததும் வரும். அந்த மனிதர் மும்பையிலேயே குடியேறிவிட்டார் என்று நினைக்கிறேன்.

பேசி வைத்தது 45 நாள் கடன். இப்போது மூன்று பில்கள் அதைத் தாண்டி நிற்கின்றன. 1,18,000 ரூபாய் பில்லுக்கு 112 நாள் வயது. 1,62,000 ரூபாய் பில்லுக்கு 87. 1,56,000 ரூபாய் பில்லுக்கு 61. இவை போக, கெடு தாண்டாத இரண்டு பில்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. இதைக் கொஞ்சம் கவனியுங்கள். எல்லாவற்றையும் கூட்டி ஏழு லட்சத்து எண்பத்து நாலாயிரம் பாக்கி என்று சொன்னால், 'கெடு வராத பில்லுக்குமா கேட்கிறாய்?' என்று ஒரு நொடியில் நம்மைப் பேராசைக்காரன் ஆக்கிவிடுவார்கள். பேச்சு அங்கேயே திசைமாறிவிடும். அதனால்தான் 4,36,000 மட்டும்.

முதல் பில் ஏன் நிற்கிறது தெரியுமா? அந்த லோடில் மழைச் சாரல் பட்டு 40 பெட்டிகள் நமுத்துப் போயின. பெட்டி 58 ரூபாய். 2,320 ரூபாய்க்கு அந்த வாரமே கிரெடிட் நோட் போட்டுக் கொடுத்துவிட்டேன். பில்லில் கழித்தும் ஆயிற்று. ஆனால் பணம் கேட்கும்போதெல்லாம் 'அந்த நனைந்த பெட்டி விஷயம் ஒன்று இருக்கிறதே தம்பி' என்கிறார். நாற்பது பெட்டி காய்ந்து, கிழிந்து, பழைய பேப்பர் கடைக்குப் போய், திரும்பவும் காகிதமாகியே இருக்கும். விஷயம் மட்டும் இன்னும் ஈரமாக இருக்கிறது.

இந்த நிலையில் திங்கட்கிழமை போன் வருகிறது. 1,200 பெட்டி, ஐந்தடுக்கு, வழக்கமான அச்சு, வியாழக்கிழமை கன்டெய்னர் ஏற்ற வேண்டும். போனை எடுத்தது நான் இல்லை, எங்கள் மேஸ்திரி. பழைய வாடிக்கையாளர் என்று அவர் பாட்டுக்கு மெஷினை ஓட்டிவிட்டார். நான் வந்து பார்த்தபோது 25 பெட்டிக்கு ஒரு கட்டாக 48 கட்டுகள், பிளாஸ்டிக் கயிறு போட்டு, கூரை வரை அடுக்கி நிற்கின்றன. ஒவ்வொரு கட்டிலும் அவருடைய கம்பெனிப் பெயர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

எங்கள் தொழிலின் சாபம் இதுதான். அரிசி வியாபாரி லோடை நிறுத்தினால் அந்த மூட்டையை அடுத்த கடைக்குக் கொடுத்துவிடலாம். நான் நிறுத்தினால்? ஊர் பேர் அச்சடித்த பெட்டியை வேறு எவன் வாங்குவான்? மழைக்காலத்தில் கிடங்கில் கிடந்தால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து அட்டை தொய்ந்துபோகும். அடியில் இருக்கும் பெட்டி மேலே இருப்பதன் பாரம் தாங்காது. ஆகவே 'லோடு நிறுத்தம்' என்று நான் சொல்வது, என் கழுத்திலும் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு அவரை இழுப்பது மாதிரி. இது அவருக்கும் தெரியும்.

அனுப்பித் தொலைக்கலாமே என்பீர்கள். ஒரு பெட்டி 62 ரூபாய். எல்லாம் போக எனக்கு நிற்பது நாலு ரூபாய். 1,200 பெட்டிக்கு 4,800. வங்கியில் நான் வைத்திருக்கும் ஓவர் டிராஃப்டுக்கு 11 சதவீத வட்டி. அவர் கட்டாத 4,36,000க்கு மாதம் ஏறத்தாழ 4,000 ரூபாய் அதிலேயே போகிறது. அதாவது இந்த லோடு முழுவதும் அவருடைய பழைய பாக்கிக்கு ஒரு மாதம் வட்டி கட்டத்தான் ஓடியிருக்கிறது. கிராஃப்ட் பேப்பர் கொடுக்கிறவர் ஏழு நாளுக்கு மேல் ஒரு மணி நேரம் கூடப் பொறுக்கமாட்டார். ஜி.எஸ்.டி.யோ அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், அவர் எனக்குக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். நான் கட்டிய வரியை அவர் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு மேலாகிறது. என்ன அழகான ஏற்பாடு.

சரி, சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். முதலில் போன் செய்தேன். ஒன்பது முறை. எடுக்கவில்லை. பிறகு செய்தி எழுத உட்கார்ந்தேன். இதை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று என்றால் நம்புவீர்களா? முதல் வடிவம் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. அழித்தேன். இரண்டாவது வடிவத்தில் 'தவறாக நினைக்க வேண்டாம்' என்று மூன்று இடத்தில் இருந்தது. பணம் தர வேண்டியவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதையும் அழித்தேன். மூன்றாவதில் எங்கள் கஷ்டத்தை எழுதினேன். கூலி, கரண்ட் பில், மெஷின் தவணை. அவர் அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்றைத் திருப்பி எழுதுவார் என்று தெரிந்ததும் அதுவும் போயிற்று. கடைசியில் போனது இது:

'வணக்கம் அண்ணா. நீங்கள் கேட்ட 1,200 பெட்டி தயார், உங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். 45 நாள் தாண்டிய மூன்று பில்கள் இருக்கின்றன, விவரம் கீழே. முதல் இரண்டுக்குமான 2,80,000 வந்த அன்றே வண்டி ஏற்றிவிடுகிறேன். மூன்றாவதற்கு ஒரு தேதி சொல்லுங்கள், போதும். அதுவரை புது லோடு அனுப்ப இயலாத நிலை. நனைந்த 40 பெட்டிக்கான கிரெடிட் நோட்டை மறுபடி இணைத்திருக்கிறேன். முதல் பில் 180 நாளைத் தாண்டினால் நீங்கள் எடுத்த ஜி.எஸ்.டி. வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிவரும், அதற்கு முன் முடித்துவிடுவோம்.'

அந்தக் கடைசி வரி என் ஆடிட்டர் சொல்லிக் கொடுத்தது. மிரட்டல் மாதிரி இருக்காது, அக்கறை மாதிரி இருக்கும், ஆனால் அவருடைய கணக்குப்பிள்ளைக்கு மட்டும் சுருக்கென்று குத்தும். சிறு தொழில் சட்டம் 2006இன்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கடன் கிடையாது, தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, என்றெல்லாம் என்னாலும் எழுத முடியும். எழுதலாம். எழுதியபின் அவர் வீட்டு விசேஷத்துக்கு எந்த முகத்தோடு போவது? சட்டத்தை எடுத்தால் பணம் வரலாம், ஆள் போய்விடுவார். அப்பா காலத்திலிருந்து வருகிற ஆள். இந்தச் சட்டத்தை அவரும் அறிவார் என்பதுதான் வேடிக்கை. சிறு தொழில்களுக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது என்ற வருமான வரித் திருத்தம் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, மார்ச் கடைசி வாரத்தில் மட்டும் என் நினைவு அவருக்கு வந்துவிடுகிறது. 'தம்பி, உங்களிடம் சிறு தொழில் என்ற உத்யம் சான்றிதழ் இருக்கிறதா, இல்லை என்று ஒரு கடிதம் தரமுடியுமா?' என்று அன்போடு கேட்டார்.

கூப்பிய கைகளுக்குப் பிறகு பத்தரை மணிக்கு அவரே கூப்பிட்டார். முதல் வாக்கியம்: 'இதற்கு ஒரு போன் செய்திருக்கலாமே தம்பி.' ஒன்பது தவறிய அழைப்புகளின் மேல் ஏறி நின்று பேசுகிறார். அடுத்தது: 'உங்கள் அப்பா இருந்தபோது இப்படியா?' அப்பா இருந்தபோது இவரும் முப்பதாம் நாள் செக் கொடுத்தவர்தான். அதைச் சொல்லவில்லை. 'கன்டெய்னர் போய்விடும், என் மானம் போய்விடும்' என்றார். 'கட்டு தயாராக இருக்கிறது அண்ணா, இரண்டு பில் வந்ததும் வண்டி வரும்' என்றேன். 'இந்த ஒரு லோடு மட்டும் அனுப்புங்கள், சனிக்கிழமை மொத்தமாக' என்றார். நான் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொன்னேன். ஆறு முறை சொல்லியிருப்பேன். குரலை உயர்த்தவில்லை, ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. கோயிலில் போற்றி சொல்வது மாதிரி.

ஏனென்றால் பொங்கலுக்கு முன்பு ஒரு தடவை இதே மாதிரி லோடு நிறுத்தம் என்று எழுதினேன். அவர் கூப்பிட்டார், இரண்டு நிமிடம் பழைய கதை பேசினார், மாலை நாலு மணிக்கு நானே வண்டி ஏற்றினேன். அன்றைக்கே என் நிறுத்தத்தின் விலை அவருக்குத் தெரிந்துவிட்டது: இரண்டு நிமிடம். 112 நாளை நானேதான் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு வங்கியிலிருந்து செய்தி வந்தது. ஒரு லட்சம். எந்தப் பில்லுக்கு என்று கேட்காதீர்கள், எங்கள் ஊரில் பணம் முழு எண்ணாகத்தான் பிறக்கும். பழைய பில்லில் வரவு வைத்தேன். மிச்சம் 18,000 பல்லிடுக்கில் மாட்டிய மாங்காய் நார் மாதிரி லெட்ஜரில் நிற்கிறது. எத்தனை கட்டு அனுப்புவது? 2,80,000க்கு 48 கட்டு என்றால் ஒரு லட்சத்துக்குக் கால்குலேட்டர் 17 என்றது. 17 கட்டு ஏற்றினேன். மீதி 31 கட்டும் தார்ப்பாய்க்குள் பத்திரம், பணம் வந்த மணி நேரத்தில் புறப்படும் என்று எழுதி அனுப்பினேன். பதில்: மறுபடியும் கூப்பிய கைகள். கூடவே, 'குடும்பத்தோடு வர வேண்டும்.'

போவேன். மொய் எவ்வளவு எழுதுவது என்றுதான் தெரியவில்லை. பாக்கியில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் சிரித்ததில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் அந்த வண்டி டிரைவர் இருக்கிறாரே, டெலிவரி சலானில் கையெழுத்துப் போட என் பேனாவை வாங்கினார், போட்டார், தன் சட்டைப் பையில் செருகினார், போய்விட்டார். இந்த மாதத்தில் ஏழாவது பேனா.