“பயப்படாதே”ன்னு சொல்றதை முதல்ல நிறுத்துங்க சாமி

பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுத்த முதலாண்டுப் பிள்ளையைச் சுற்றி எங்கிருந்துதான் இத்தனை அறிவுரைக்காரர்கள் முளைப்பார்களோ தெரியவில்லை. “பயப்படாதே” என்பார் ஒருத்தர். “எதிரே உட்கார்ந்திருக்கிறதெல்லாம் முட்டைக்கோசுன்னு நெனச்சுக்கோ” என்பார் இன்னொருத்தர். “மூச்சை நல்லா இழுத்து இழுத்து விடு”, “நாலு பக்கத்தையும் வரி பிசகாம மனப்பாடம் பண்ணிரு”. இதில் ஒன்றாவது உருப்படியாக இருக்கிறதா என்றால் இல்லை. பாதி வீண். மீதி, பயத்தைக் கூட்டிவிடுகிற வேலை.

என் சித்தப்பா மகள் ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். முதலாண்டு. ஊர் பவானிக்குப் பக்கம். அவளுக்கு இதுதான் முதல் மேடை. தலைப்பு காலிங்கராயன் கால்வாய், நேரம் ஐந்து நிமிடம், நாலாவது நிமிடத்தில் எச்சரிக்கை மணி. முந்தின வாரமே “அக்கா, நெனச்சாலே கை சில்லுன்னு ஆவுதுங்கா” என்று போன் பண்ணினாள். பக்கத்திலிருந்து சித்தப்பா குரல்: “அதெல்லாம் ஒண்ணும் ஆவாது கண்ணு, வெசனப்படாதே.” பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் “வெசனப்படாதே” என்ற சொல் எந்தக் காலத்தில் யாருடைய நெஞ்சுப் படபடப்பை நிறுத்தியிருக்கிறது? அட்ரினலின் சுரந்து, இதயம் வேகமெடுத்து, வாய் வறண்டு, விரல் நுனி குளிர்ந்து போன உடம்பு சித்தப்பா சொல்லைக் கேட்டு அடங்கிவிடாது. பயந்துகொண்டிருக்கிற பிள்ளைக்கு, “ஐயோ, பயப்படுகிறோமே” என்று இன்னொரு பயம் சேர்வதுதான் மிச்சம்.

ஜெர்மனியில் ட்ரியர் என்று ஓர் ஊர். அங்கே உள்ள பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1993இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆளைப் பத்திரமாக, ஆனால் நிச்சயமாகப் பதற வைக்க வேண்டும், அப்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று அளக்க வேண்டும். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த வழி என்ன தெரியுமா? கொஞ்ச நேரம் காக்க வைப்பது. பிறகு ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தி ஐந்து நிமிடம் பேசச் சொல்வது. எதிரே முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர் குழு. அதன் பின் ஒரு மனக்கணக்கு. இன்றைக்கும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் மனிதனைப் பதற வைக்க இந்த முறையைத்தான் எடுக்கிறார்கள். மனக்கணக்கைக் கழித்துவிட்டால் அது அப்படியே நம் கல்லூரிப் பேச்சுப் போட்டி! அங்கே படபடப்பு வருவது பிள்ளையின் கோழைத்தனம் இல்லை. வராவிட்டால்தான் ஆச்சரியம்.

சரி, மூச்சுக்கு வருகிறேன். எனக்கு ரொம்ப ஆத்திரம் வருவது இதில்தான். “நல்லா இழுத்து இழுத்து விடு” என்று சொன்னதை அந்தப் பிள்ளை அப்படியே செய்தாள். போட்டி நாளன்று நான் போய்ச் சேர்ந்தபோது அரங்கின் பின்பக்கம் நின்று புஸ் புஸ்ஸென்று வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். “தலை சுத்துதுங்கா, வெரலெல்லாம் ஜிவ்வுங்குது, ஒதடு மரத்த மாதிரி இருக்குது.” அது மேடைப் பயம் மட்டுமல்ல. தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். அதனால் மூளைக்குப் போகிற இரத்த ஓட்டமும் கொஞ்சம் குறையும், தலை கிறுகிறுக்கும், விரலிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். மயங்கி விழப்போகிறோம் என்று பிள்ளை நினைத்து இன்னும் வேகமாக இழுப்பாள். கெடுத்தது யார்? அறிவுரை சொன்ன ஆள். அவர் முன் வரிசையில் போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இழுப்பதில் ஒன்றும் இல்லை, விடுவதில்தான் இருக்கிறது. மூக்கு வழியாகச் சாதாரண அளவுக்கு, நாலு எண்ணும் வரை உள்ளே. பிறகு ஆறோ ஏழோ எண்ணும் வரை மெதுவாக வெளியே. நெஞ்சைத் தூக்கி முழுசாக நிரப்ப வேண்டியதில்லை. இதை ஒரு சில நிமிடம் செய்தால் இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும், விரலில் ஊசி குத்துவதும் அடங்கும். நின்றபடியே செய்தாள். ஜிவ்வென்று இருந்தது போய்விட்டது. படபடப்பு முழுதாகப் போகவில்லை, போகவும் போகாது.

இதற்கு நடுவில் ஒரு சீனியர் பையன். “இந்தா, ஒரு மாத்திரை போட்டுக்கோ, கை நடுக்கமே இருக்காது.” பார்த்தால் ப்ரொப்ரனலால்! இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்து, மருத்துவர் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாதது. ஆஸ்துமா இருக்கிறவர்களுக்கு மூச்சுக்குழலைச் சுருக்கி ஆபத்தில் கொண்டுபோய் விடும். அவளுக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு உண்டு. அந்தப் பையனுக்கு அது தெரியுமா? கேட்டானா? பொட்டுக்கடலை நீட்டுகிற மாதிரி நீட்டுகிறான். திட்டி அனுப்பினேன். அதோடு காபியையும் தள்ளி வைக்கச் சொன்னேன். ஏற்கெனவே துடிக்கிற நெஞ்சுக்கு அதுவும் எதற்கு? இரண்டு வாய் தண்ணீர் போதும், வறண்ட நாக்குக்கு.

அடுத்தது மனப்பாடம். நாலு பக்கம் எழுதி வைத்திருந்தாள். ஐந்து நிமிடத்தில் நிதானமாகப் பேசினால் ஏறக்குறைய நானூறு, நானூற்றைம்பது சொல்தான் அடங்கும். அவளிடம் இருந்தது அதைப்போல ஒன்றரை மடங்கு. அதை வரி வரியாக உருப்போட்டிருந்தாள். வரி வரியாக உருப்போட்டதில் ஒவ்வொரு சொல்லும் முந்தின சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வரும். பதற்றத்தில் நினைவு தடுமாறி ஒரு சொல் நழுவினால், அதற்கு அப்புறம் உள்ளது முழுக்கப் போச்சு. முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் வரும். மேடையில் முதலிலிருந்து ஆரம்பிக்க முடியுமா? “வெளங்காம நின்னுட்டா” என்று ஊர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

அதனால் போட்டிக்கு முன்பே போனில் உட்கார்ந்து அந்த நாலு பக்கத்தைப் பிரித்தோம். நல்ல வேளை, தலைப்பே ஒரு கால்வாய். நீர் போகிற வழியே பேச்சு போகிற வழி. பவானி ஆறு காவிரியில் சேர்வதற்குச் சற்று முன்னால் உள்ள அணைக்கட்டு, அது முதல் இடம். 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டியது, பாம்பு வழி காட்டியது என்று ஊரில் சொல்கிற கதை, கால்வாய் ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது என்பது இரண்டாவது. மஞ்சளும் வாழையும் நெல்லும் விளைகிற வயல்கள் மூன்றாவது. ஈரோட்டை ஒட்டி வரும்போது சாயக் கழிவும் தோல் கழிவும் கலந்த கதை நான்காவது. கடைசியில் நொய்யலில் போய்ச் சேர்வது ஐந்தாவது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சொல், அவ்வளவுதான் சீட்டில். அதையும் ஏ4 தாளில் எழுத வேண்டாம் என்றேன். கை லேசாக நடுங்கினால்கூட அந்தத் தாள் படபடவென்று அடித்துக்கொண்டு அரங்கம் முழுக்கக் காட்டிக்கொடுக்கும். கெட்டி அட்டையில் கையளவு போதும்.

முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் உருப்போட வேண்டும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வருகிற அளவுக்கு. துடிப்பு உச்சத்தில் இருப்பது மேடையேறி வாய் திறக்கிற நேரத்தில்தான். பெரும்பாலோருக்கு ஓரிரு நிமிடத்தில் அது தணிய ஆரம்பித்துவிடும். அந்த முதல் நிமிடத்தைத் தாண்ட யோசிக்கத் தேவையில்லாத இரண்டு வாக்கியம் வேண்டும். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அங்கே என்ன பழக்கியிருக்கிறோம்? “இவ்விழாவுக்குத் தலைமை தாங்கும்…” என்று காலையில்தான் தெரியவந்த ஏழு பேரின் பட்டங்களும் பெயர்களும்! உடம்பு ரொம்பப் பதறுகிற நேரத்தில், கொஞ்சமும் பழகாத பெயர்கள். விட்டுப்போனால் மரியாதைக் குறைவு, தப்பாகச் சொன்னால் சிரிப்பு. “அவையோர் அனைவருக்கும் வணக்கம்” என்றால் யாருடைய கௌரவம் குறைந்துவிடும்? அவள் அப்படித்தான் ஆரம்பித்தாள். ஆரம்பித்து, “எங்க ஊரில் ஓர் ஆறு இன்னோர் ஆற்றில் சேர்வதற்கு முன்னால் ஒரு மனிதர் அதைக் கொஞ்சம் திருப்பிவிட்டார்” என்றாள். பின் வரிசைப் பையன்கள்கூடப் போனைக் கீழே வைத்தார்கள்.

நடுவில் தடுமாற்றம் வராமல் இல்லை. பாம்புக் கதையில் நின்றுவிட்டாள். சீட்டைப் பார்த்தாள், ‘மஞ்சள்’ என்று இருந்தது, அங்கிருந்து தொடர்ந்தாள். இறங்கி வந்து “ரொம்ப நேரம் நின்னுட்டனுங்க்கா, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்” என்று ஒரே புலம்பல். பதிவைப் போட்டுக் காட்டினேன். மூச்சு விடுகிற நேரம்தான். நம் நடுக்கம் நமக்குத் தெரிகிற அளவுக்கு வெளியே தெரிவதில்லை. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் இதைச் சோதித்தார்கள். “உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பார்ப்பவர்களுக்குத் தெரியாது” என்று முன்கூட்டியே விளக்கிச் சொல்லப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். அவர்களுக்கே அப்படித் தோன்றியது, கேட்டவர்களுக்கும் அப்படியே. இந்த ஒரு வாக்கியத்தை எந்த ஆசிரியராவது ஒரு பிள்ளையிடம் சொல்லியிருப்பாரா? முட்டைக்கோசுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

பரிசு கிடைக்கவில்லை. சித்தப்பா “போச்சாது போ” என்று சொல்லிவிட்டார், அவளும் அடுத்த போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டாள். என் கோபம் விழா நடத்துகிறவர்கள் மேல். காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லிவிட்டு, நடுவர் வரவில்லை என்று பதினொன்றரை வரை உட்கார வைப்பது. ஒவ்வொரு பேச்சுக்கும் பிறகு குலுக்கல் டப்பாவில் கைவிட்டு அடுத்த பேரை எடுப்பது, இதில் ஒரு திகில் வேறு! நாற்பது பேரும் நாற்பது தடவை “நானோ” என்று திடுக்கிட வேண்டும். குலுக்கலைக் காலையிலேயே வைத்து வரிசையைச் சுவரில் ஒட்டினால் பிள்ளை தன் முறைக்குப் பத்து நிமிடம் முன்னால் எழுந்து, தண்ணீர் குடித்து, மூச்சைச் சரிபண்ணிக்கொண்டு வருவாள். ஆரம்பிக்கும் முன் எல்லாரையும் ஒருமுறை மேடையேற்றி, ஒலிவாங்கியில் தன் பேரைச் சொல்ல விடுங்கள். ஒலிபெருக்கியில் தன் குரலை முதல்முறை கேட்டு மிரள்வது அங்கேயே முடிந்துவிடும். ஆளுக்குப் பத்து விநாடி ஆகுமா? வரவேற்புரைக்கும் பொன்னாடைக்கும் அரை மணி நேரம் இருக்கிறது உங்களிடம். அதில் எடுங்கள். அப்புறம் நடுவர் ஐயாமார்களே, அம்மாமார்களே, மார்க் போடுகிற அட்டையிலிருந்து தலையைத் தூக்கி ஒரே ஒரு தடவை அந்தப் பிள்ளையைப் பார்த்துத் தலையாட்டினால் உங்கள் நடுநிலைமை ஒன்றும் கெட்டுவிடாதுங்க.