சொந்த இயர்பட்ஸ் என்றாலும் ஈரம் ஈரம்தான்

"அடுத்தவங்க இயர்பட்ஸ் போட்டாதான் காதுல இன்ஃபெக்‌ஷன் வரும். சொந்தமா வச்சிருந்தா ஒண்ணும் ஆகாது."

இப்படி ஒருவர் சொல்லியிருந்தார். பாதி சரிங்க. பகிரும்போது ஒருவர் காதின் கிருமியும் அழுக்கும் இன்னொருவருக்குப் போகலாம். ஆனால் வெளிக்காதில் தொற்றை உண்டாக்கும் கிருமிகள் நம் தோலிலும் தண்ணீரிலுமே இருக்கின்றன. அவை பெருக வேண்டியது ஈரம். குளித்த கையோடு, அல்லது ஜிம்மில் வியர்க்க வியர்க்க, இயர்பட்ஸின் சிலிக்கோன் முனையை அழுத்திச் செருகினால் காற்றுப் போகாது. உள்தோல் ஊறி மென்மையாகிவிடும். முனை உரசும் இடத்தில் சின்னக் கீறல் விழுந்தால் போதும், கிருமி உள்ளே இறங்கிவிடும்.

நீங்களே பார்க்கலாம். ஒரு மணி நேரம் போட்டபின் முனையைக் கழற்றி உள்பக்கம் விரலால் தடவுங்கள், பிசுபிசுக்கலாம். இணையத்தில் வெளிக்காதுத் தொற்றின் ஆங்கிலப் பெயரான swimmer's ear என்று தேடி மேயோ கிளினிக் பக்கத்தைத் திறந்தால், ஆபத்துக் காரணிகளில் இயர்பட்ஸும் இருக்கும், யாருடையது என்ற நிபந்தனை இல்லாமல்.

மேலே கருத்துகளில் ஒரு அக்கா, மகனுக்குக் காது அரிக்கிறது, பட்ஸ் குச்சியால் குடையலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் அக்கா. குடைந்தால் குறும்பி போய்விடும், அதன் லேசான அமிலத்தன்மையும் கிருமியைத் தடுக்க உதவுகிறது. காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை அழுத்திப் பாருங்கள். வலித்தால் வெளிக்காதுத் தொற்றாக இருக்கலாம், காது மருத்துவரிடம் காட்டுங்கள். அரிப்பு மட்டும் என்றால் சிலிக்கோன் ஒவ்வாமையாகவும் இருக்கலாம், அதை இங்கிருந்து சொல்ல முடியாது.